சிங்கப்பூரில் கடைக்கான மின் வரைபடமும் லோட் ஷெட்யூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உணவகமோ கடையோ புதுப்பிக்கும்போது, மின் இணைப்புக்காக எஸ்பி குழுமத்திடமோ கட்டட உரிமையாளரிடமோ இரண்டு தாள்கள் போக வேண்டும். ஒன்று சிங்கிள் லைன் டயகிராம், சுருக்கமாக எஸ்எல்டி: மின்சாரம் வரும் வழியை ஒற்றைக் கோட்டில் காட்டும் வரைபடம். மற்றொன்று லோட் ஷெட்யூல்: ஒவ்வொரு சர்க்கிட்டும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற பட்டியல். வரைபவர்களும் எலக்ட்ரீஷியன்களும் கடைக்காரர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டுத்தான்: ஒரு கடைவீட்டின் தரைத்தளத்தில் வரப்போகும் நடுத்தர உணவகம். இதுவரை துணிக்கடையாக இருந்த இடம். 400 வோல்ட், மூன்று ஃபேஸ், 63 ஆம்பியர் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

எஸ்எல்டியை வரைந்துவிட்டு லோட் ஷெட்யூலைப் பிறகு நிரப்பினால் என்ன?

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய வேலையின் எஸ்எல்டியைத் திறந்து, முகவரியை மாற்றி, நாலு சர்க்கிட்டைச் சேர்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஷெட்யூலில் எண்களைப் போடுகிறார்கள். தாள் பார்க்க முழுமையாக இருக்கும், ஆனால் மெயின் பிரேக்கர் ஏன் அந்த அளவு என்பதற்குப் பதில் எங்கும் இருக்காது.

சரியான வரிசை நேர் எதிரானது. முதலில் சமையலறை உபகரணப் பட்டியல், அதிலிருந்து லோட் ஷெட்யூல். ஷெட்யூல் ஒவ்வொரு ஃபேஸிலும் எவ்வளவு மின்னோட்டம் என்று சொல்லும். அதிலிருந்து மெயின் பிரேக்கர், கேபிள், சர்க்கிட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிபி இவற்றின் அளவு வரும். இவ்வளவும் முடிவான பிறகு எஸ்எல்டி வரைவது அரைநாள் வேலைதான். பட்டியல் இன்னும் வரவில்லை என்றால் வரையத் தொடங்காதீர்கள். சமையலறை ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு உபகரணத்தின் மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இதில் யார் கையெழுத்து போட வேண்டும்? எங்கள் எலக்ட்ரீஷியன் போட்டால் போதுமா?

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளர் போட வேண்டும். எல்லோரும் எல்இடபிள்யூ என்று சொல்வது அவரைத்தான். இதில் மூன்று வகுப்புகள் உண்டு. எலக்ட்ரீஷியன் வகுப்பு 45 கேவிஏ வரை, டெக்னீஷியன் வகுப்பு 150 கேவிஏ வரை வடிவமைக்கலாம்; கேவிஏ என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் லோட் அளவு. அதற்கு மேல் என்ஜினியர் வகுப்பு.

இந்த 45 கேவிஏ என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வீடல்லாத இடத்தில் இணைப்பு 45 கேவிஏவைத் தாண்டினால், அந்த மின்னமைப்பை வைத்திருக்கவே ஆணையத்திடம் தனியாக உரிமம் வாங்க வேண்டும். பிறகும் ஒரு எல்இடபிள்யூவை நியமித்து, குறித்த இடைவெளியில் பரிசோதனை செய்ய வேண்டும். கடைக்காரருக்கு இது தொடர்ந்து வரும் செலவு. எனவே கணக்கு 45க்கு மேலே போகிறதா கீழே நிற்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேவிஏ எண்ணை எங்கிருந்து எடுப்பது? கேட்டலாக்கில் கிலோவாட்தானே இருக்கிறது?

ஹீட்டர் வகைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 18 கிலோவாட் மின் அவனை 18 கேவிஏ என்றே எழுதலாம். தேநீர் பாய்லர், தண்ணீர் ஹீட்டர், உணவைச் சூடாக வைக்கும் பேன்-மாரி எல்லாம் இந்த ரகம்.

மோட்டாரில்தான் தவறு வருகிறது. புகை உறிஞ்சும் விசிறியில் 3 கிலோவாட் என்று போட்டிருந்தால் அது சுழலும் தண்டில் கிடைக்கும் வேலை. லைனிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம். திறன் 0.85, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்தால் 3 ÷ (0.85 × 0.8), அதாவது 4.4 கேவிஏ. ஷெட்யூலில் 3.0 என்று எழுதுபவர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுகிறார்.

ஏர்கானுக்கு இன்னொரு வழி. குளிரூட்டும் திறனைப் பார்க்காதீர்கள். வெளி யூனிட்டின் பெயர்ப்பலகையில் அதிகபட்ச இயக்க மின்னோட்டம் இருக்கும், அதை எடுங்கள். நம் கடையில் அது மூன்று ஃபேஸில் 13 ஆம்பியர்.

```
S = √3 × 400 × 13 / 1000 = 9.0 kVA
```

13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு நிலையான லோட் என்று ஒன்றும் இல்லை. ஒரு சாக்கெட் சர்க்கிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு அனுமானம் வைத்து, அதை ஷெட்யூலின் அடியில் குறிப்பாக எழுதிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு சர்க்கிட்டுக்கு 2 கேவிஏ.

டைவர்சிட்டி எவ்வளவு போடலாம்?

எல்லா உபகரணமும் ஒரே நேரத்தில் முழு அளவில் ஓடாது என்பதால் இணைத்த லோடைக் குறைத்துக் கணக்கிடுவதுதான் டைவர்சிட்டி. எவ்வளவு என்பதைக் கடை எப்படி நடக்கும் என்பதிலிருந்து எடுக்க வேண்டும். கடைக்காரரிடம் மதியம் பன்னிரண்டரை மணிக்கு எதெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கான பதிலில் பாதி ஷெட்யூல் கிடைத்துவிடும்.

நம் உணவகத்தின் கணக்கு இது:

| லோட் | இணைத்தது (கேவிஏ) | டைவர்சிட்டி | தேவை (கேவிஏ) |
|---|---|---|---|
| மின் அவன், மூன்று ஃபேஸ் | 18.0 | 1.0 | 18.00 |
| பாத்திரம் கழுவும் இயந்திரம், மூன்று ஃபேஸ் | 9.0 | 0.8 | 7.20 |
| புகை உறிஞ்சும் விசிறி, மூன்று ஃபேஸ் | 4.4 | 1.0 | 4.40 |
| ஏர்கான், மூன்று ஃபேஸ் | 9.0 | 1.0 | 9.00 |
| பாய்லர், ஹீட்டர், பேன்-மாரி, சோற்றுக் குக்கர் | 11.4 | 0.7 | 7.98 |
| ஃப்ரீசர், சில்லர், கிரைண்டர் | 3.7 | 0.8 | 2.96 |
| சாக்கெட், 3 சர்க்கிட் | 6.0 | 0.4 | 2.40 |
| விளக்கு, 3 சர்க்கிட் | 1.5 | 0.9 | 1.35 |
| பெயர்ப்பலகை, கல்லா | 0.6 | 1.0 | 0.60 |
| மொத்தம் | 63.6 | | 53.89 |

மின் அவனுக்கு 1.0 போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மதியக் கூட்டத்துக்கு முன்னால் அதைச் சூடேற்றும்போது மூன்று எலிமென்ட்டும் தொடர்ந்து இழுக்கும், அதே நேரத்தில் விசிறியும் ஏர்கானும் ஓடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் விட்டுவிட்டு ஓடுவதால் 0.8. ஹீட்டர் வகை நான்கும் தெர்மோஸ்டாட்டில் அணைந்து எரிவதால் 0.7. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சொல்ல முடிந்தால்தான் அந்த எண் நிற்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக 0.7 என்று ஒரே பெருக்கலாகப் போட்ட ஷெட்யூலை எல்இடபிள்யூ கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டால், அவர் அதைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மொத்தம் 53.9 கேவிஏ என்றால் 78 ஆம்பியர்தானே? 80 ஆம்பியர் பிரேக்கர் போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் ஷெட்யூலில் மூன்று ஃபேஸுக்கும் தனித்தனி நிரல் இருக்கிறது. 53.9 கேவிஏவை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்தால் 77.8 ஆம்பியர் வரும். பிரேக்கருக்கு அந்தச் சராசரி தெரியாது. எந்த ஃபேஸில் அதிகம் ஓடுகிறதோ அந்த முனைதான் சூடாகி டிரிப் ஆகும்.

நம் கடைக்கு முதலில் வந்த வரைவில் பாய்லர், தண்ணீர் ஹீட்டர், பேன்-மாரி, சோற்றுக் குக்கர் நான்கும் எல்1 ஃபேஸில் இருந்தன. சாக்கெட் மூன்றும் எல்2. விளக்கு, ஃப்ரீசர், சில்லர், கிரைண்டர், பெயர்ப்பலகை எல்லாம் எல்3. பட்டியலாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஒரே வகை ஒரே இடத்தில். ஆனால் ஃபேஸுக்கு 230 வோல்ட் என்று வைத்துத் தேவையைக் கூட்டிப் பார்த்தால் எல்1-இல் 90.6 ஆம்பியர், எல்2-இல் 66.4, எல்3-இல் 77.3. மொத்தக் கணக்கு 80க்குள் நிற்கும்போதே ஒரு ஃபேஸ் 90ஐத் தாண்டி ஓடுகிறது. மதியம் பாய்லர் எரியும்போது கடை முழுக்க இருட்டாகும். எலக்ட்ரீஷியன் வந்து மொத்த லோடைக் கணக்கிட்டுவிட்டு, லோட் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

மாற்றிப் போட்டது இப்படி:

எல்1: பாய்லர், பேன்-மாரி, சில்லர், ஒரு விளக்கு சர்க்கிட்.
எல்2: தண்ணீர் ஹீட்டர், கிரைண்டர், ஒரு சாக்கெட், ஒரு விளக்கு, பெயர்ப்பலகை.
எல்3: சோற்றுக் குக்கர், ஃப்ரீசர், இரண்டு சாக்கெட், ஒரு விளக்கு.

இப்போது 79.6, 78.3, 76.3 ஆம்பியர். ஒரே பொருட்கள், ஒரே மொத்தம், ஆனால் மிக அதிகமான ஃபேஸிலிருந்து 11 ஆம்பியர் இறங்கிவிட்டது. இருந்தாலும் 80 ஆம்பியர் பிரேக்கரில் 79.6 என்றால் மிச்சமே இல்லை. நாளை ஒரு ஐஸ் இயந்திரம் வந்தால் எங்கே போவது? எனவே 100 ஆம்பியர் இணைப்பு, அதாவது 69.3 கேவிஏ கேட்பதுதான் சரி.

இன்னொன்று. சமன் செய்யும்போது இணைத்த லோடை மட்டும் பார்க்காதீர்கள், தேவை நிரலையும் பாருங்கள். இணைத்த லோடில் எல்3 தான் மிக அதிகம், ஏனென்றால் அங்கே இரண்டு சாக்கெட் சர்க்கிட் இருக்கிறது. தேவையில் அதுவே மிகக் குறைவு.

எல்லா ஹீட்டரும் ஒரே ஃபேஸில் எப்படி வந்து சேர்கிறது? யாரும் வேண்டுமென்று செய்வதில்லையே?

ஆர்சிசிபியால், அதாவது மின் கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தால். சமையலறை ஈரமான இடம், 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு இரண்டு முனை ஆர்சிசிபியைப் போட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு சர்க்கிட்டுக்குமான சிறு பிரேக்கராக நான்கு எம்சிபியை வரிசையாக வைக்கிறார்கள். இரண்டு முனை என்றாலே ஒரு ஃபேஸும் நியூட்ரலும்தான். அதற்குக் கீழே வருவதெல்லாம் தானாக ஒரே ஃபேஸ். இணைத்த லோட் 11.4 கேவிஏ, அந்த ஒரு ஆர்சிசிபியில் ஏறக்குறைய 50 ஆம்பியர்.

இதற்கு இரண்டு தீர்வு உண்டு. நான்கு முனை ஆர்சிசிபி போட்டுக் கீழே மூன்று ஃபேஸுக்கும் பரப்பலாம். அல்லது ஒவ்வொரு சர்க்கிட்டுக்கும் தனி ஆர்சிபிஓ, அதாவது எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஒரே சாதனம் வைக்கலாம். உணவகத்துக்கு நான் ஆர்சிபிஓவைத்தான் சொல்வேன். ஹீட்டர் எலிமென்ட்டுகள் ஈரம் உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும். நான்கு கசிவும் ஒரே ஆர்சிசிபியில் கூடினால், எதிலும் உண்மையான பழுது இல்லாமலே அது விழும். எந்த உபகரணம் காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. தனித்தனியாக இருந்தால் விழுந்ததுதான் குற்றவாளி.

எது போட்டாலும் எஸ்எல்டியில் முனைகளின் எண்ணிக்கை தெரிய வேண்டும். வெறுமனே ஆர்சிசிபி 63 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதினால், வரைபடத்தைப் படிப்பவர் ஃபேஸ் பிரிவைச் சரிபார்க்க வழியில்லை. ஒற்றைக் கோட்டின் மேல் சாய்வாகப் போடும் சிறு கோடுகளின் எண்ணிக்கை இதைச் சொல்லத்தான் இருக்கிறது.

45 கேவிஏவுக்குள் கொண்டுவந்துவிட்டால் உரிமச் செலவு மிச்சம் என்கிறார் கடைக்காரர். டைவர்சிட்டியைக் கொஞ்சம் குறைக்கலாமா?

இந்த வற்புறுத்தல் ஏறக்குறைய எல்லா வேலையிலும் வரும். எண்களோடு பார்க்கலாம். மின் அவனுக்கு 1.0க்குப் பதிலாக 0.5 போட்டால் மொத்தம் 44.9 கேவிஏ. தாளில் 45க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் 44.9 கேவிஏ என்றால் 64.8 ஆம்பியர். இருக்கும் இணைப்போ 63 ஆம்பியர், அதாவது 43.6 கேவிஏ. பொய் எண் போட்டும் பொருந்தவில்லை.

இன்னும் கொஞ்சம் குறைத்து 63க்குள் திணித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மதியம் உண்மையில் ஓடுவது 78 முதல் 80 ஆம்பியர். 63 ஆம்பியர் எம்சிபிக்கு அது சுமார் 1.25 மடங்கு. எம்சிபிகள் 1.13 மடங்கு வரை விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தரம். 1.25 இரண்டுக்கும் நடுவில். ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. விழாத நாளில் 63 ஆம்பியருக்குப் போட்ட கேபிள் 80 ஆம்பியரைச் சுமந்துகொண்டு கூரைக்குள் சூடாகிக்கொண்டிருக்கும். அந்தத் தாளில் கையெழுத்து போட்ட எல்இடபிள்யூவின் உரிமத்தோடு கடையில் வேலை பார்ப்பவர்களின் உயிரும் இதில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மின் அவனை எரிவாயு அவனாக மாற்றினால் 18 கேவிஏ அப்படியே போய்விடும். மிச்சம் 35.9 கேவிஏ, அதாவது 52 ஆம்பியர். இருக்கும் 63 ஆம்பியர் இணைப்பே போதும், புதிய இணைப்புக்கான காத்திருப்பும் இல்லை. அந்தக் கடைவீட்டில் எரிவாயுக் குழாய் இருக்கிறதா, புகை உறிஞ்சும் அமைப்பு ஒத்துவருமா என்பதைப் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும். மின் அவன்தான் வேண்டும் என்றால் 100 ஆம்பியரும் உரிமமும் சேர்ந்துதான் வரும்.

மெயின் கேபிள் 35 சதுர மில்லிமீட்டர் என்று எல்லா டிராயிங்கிலும் இருக்கிறது. அப்படியே போடலாமா?

சில இடத்தில் சரி. 35 சதுர மி.மீ. செம்பு, பிவிசி ஒற்றைக் கோர் கேபிளை டிரங்கிங்கில் இழுத்தால், மூன்று ஃபேஸ் சர்க்கிட்டுக்குப் பட்டியலில் 110 ஆம்பியர் தாங்கும். அந்த எண் 30 டிகிரி சுற்று வெப்பத்துக்கு. 35 டிகிரிக்கு 0.94 ஆல் பெருக்கினால் 103, நம் 100 ஆம்பியர் பிரேக்கருக்குப் பொருந்துகிறது. 40 டிகிரிக்கு 0.87, அதாவது 96, பொருந்தாது.

அந்த டிரங்கிங் எந்த வழியாகப் போகிறது என்று இடத்தில் போய்ப் பாருங்கள். சமையலறைப் பொய்க்கூரைக்குள், புகைக் குழாயின் பக்கத்தில் போனால் 40 டிகிரி என்பது சாதாரணம். அதே டிரங்கிங்கில் வேறு சர்க்கிட்டுகளும் இருந்தால் கூட்டக் குறைப்பு இன்னும் கீழே இறக்கும். அப்போது பாதையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் 50 சதுர மி.மீ. போட வேண்டும். ஷெட்யூலில் மெயின் கேபிளுக்கு ஒரு சிறு கணக்கு வரி சேர்த்து, எடுத்த வெப்ப நிலையையும் குறைப்பையும் எழுதிவிடுங்கள். கேள்வி வரும்போது பதில் தாளிலேயே இருக்கும்.

மின்னழுத்த இழப்பு கடைவீட்டில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 20 மீட்டர், 80 ஆம்பியர், 35 சதுர மி.மீ. என்றால் 2 வோல்ட்டுக்கும் குறைவுதான். இருந்தாலும் மிகத் தொலைவில் இருக்கும் சர்க்கிட்டுக்குக் கணக்கைக் காட்ட வேண்டும்.

பிரேக்கருக்குப் பக்கத்தில் எத்தனை கேஏ, அதாவது கிலோ ஆம்பியர் என்று போடுவது?

அந்த இடத்தில் ஷார்ட் சர்க்கிட் ஆனால் எவ்வளவு மின்னோட்டம் வருமோ, அதற்குக் குறையாத எண். மெயினுக்கு அந்த அளவை எஸ்பியிடமிருந்தோ கட்டட உரிமையாளரின் எல்இடபிள்யூவிடமிருந்தோ வாங்குங்கள், பழைய டிராயிங்கிலிருந்து எடுக்காதீர்கள். துணைமின் நிலையம் பக்கத்திலேயே இருந்தால் கீழே டிபியில் வைக்கும் 10 கேஏ எம்சிபியே போதாமல் போகலாம். மேலே உள்ள பெரிய பிரேக்கரான எம்சிசிபி அதைக் காப்பாற்றும் என்று சொல்வதானால், அந்த இரண்டு மாடலுக்கும் தயாரிப்பாளர் தரும் ஒருங்கிணைப்புப் பட்டியலை நீங்கள் அனுப்பும் தாள்களின் பொதியோடு இணைக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு பிராண்டுகளுக்கு இப்படிப் பட்டியல் கிடைக்காது, அதனால் பிராண்டை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

எஸ்எல்டி தாளில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

மேலிருந்து கீழே படித்தால் மின்சாரம் வரும் வழி அப்படியே தெரிய வேண்டும். நம் கடைக்கு: எஸ்பியின் சர்வீஸ் கட்-அவுட், மீட்டர், 100 ஆம்பியர் மெயின் எம்சிசிபி, கேபிள், டிபி பஸ்பார், அங்கிருந்து ஒவ்வொரு சர்க்கிட்டும். எஸ்பியின் பொறுப்பு எங்கே முடிந்து உங்கள் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு புள்ளிக்கோடு.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆம்பியர், முனைகள், வகை, கேஏ. வகை என்பது பி, சி, டி. புகை விசிறிக்குப் பி வகை எம்சிபி போட்டால் மோட்டார் கிளம்பும் இழுப்பிலேயே விழும், சி போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கேபிள் அளவு, எர்த் கம்பி அளவு, எதற்குள் போகிறது என்பது. சர்க்கிட் எண்ணும் பெயரும் லோட் ஷெட்யூலில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. ஷெட்யூலில் ஹீட்டர் என்றும் எஸ்எல்டியில் வாட்டர் ஹீட்டர் 1 என்றும் இருக்கக் கூடாது. காலியாக விடும் ஸ்பேர் வழிகளையும் வரையுங்கள்.

தாளின் ஓரத்தில் முகவரி யூனிட் எண்ணோடு, கேட்கும் லோட் கேவிஏவில், மின்னழுத்தம், எஸ்எஸ் 638 தரத்தின்படி என்ற குறிப்பு, திருத்த எண், தேதி, எல்இடபிள்யூவின் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும். பழைய சாதனம் எதையாவது வைத்துக்கொள்வதானால் அதை வேறு கோட்டு வகையில் காட்டி, இருப்பது என்று எழுதுங்கள்.

பழைய கடைவீடு என்பதால் ஒரு எச்சரிக்கை. 2009க்கு முன்பு இழுத்த வயர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். பழைய சர்க்கிட்டை வைத்துக்கொண்டால் கறுப்பும் நீலமும் இடம் மாறி நிற்கும். எஸ்எல்டியில் ஒரு குறிப்பும், டிபியில் ஒரு எச்சரிக்கை அட்டையும் கட்டாயம் வையுங்கள். முடிந்தால் பழையதை முழுக்க எடுத்துவிடுங்கள்.

எங்கள் கடை மாலில் இருக்கிறது. அங்கேயும் இதே மாதிரிதானா?

கணக்கு ஒன்றுதான், அனுப்பும் இடம் வேறாகலாம். மீட்டர் எஸ்பியுடையதா, மால் நிர்வாகத்துடையதா என்று முதலில் கேளுங்கள். நிர்வாகம் மொத்தமாக மின்சாரம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் இடமாக இருந்தால், உங்கள் தாள்கள் நிர்வாகத்தின் எல்இடபிள்யூவிடம் போகும். அவருக்கு வேண்டியது ஒன்றே: உங்கள் யூனிட்டுக்கு ஒதுக்கிய ஆம்பியருக்குள் நிற்கிறீர்களா என்பது. கூடுதல் கேட்டால் அந்தத் தளத்தின் ரைசரிலும் மெயின் போர்டிலும் இடம் இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். சில இடங்களில் இல்லை என்றே பதில் வரும். குத்தகையில் கையெழுத்திடும் முன்பே அந்த எண்ணை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அனுப்பிய பொதி திரும்பி வந்தால் பெரும்பாலும் எதனால்?

இரண்டு தாளும் ஒன்றோடொன்று பேசாததால். ஷெட்யூலில் பாத்திர இயந்திரத்துக்கு 20 ஆம்பியர், எஸ்எல்டியில் 32. ஷெட்யூலில் எல்2, டிபி அமைப்பில் எல்3. விண்ணப்பத்தில் 69.3 கேவிஏ, தாளின் ஓரத்தில் பழைய 43.6. இதெல்லாம் கடைசி நேரத்தில் உபகரணம் மாறும்போது ஒரு தாளை மட்டும் திருத்துவதால் வருவது.

அனுப்பும் முன் இருவர் உட்காருங்கள். ஒருவர் ஷெட்யூலை வரிக்கு வரி வாசிக்க, மற்றவர் அச்சடித்த எஸ்எல்டியில் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்க்கட்டும். சர்க்கிட் எண், ஃபேஸ், ஆம்பியர், முனை, கேபிள். திரையில் செய்தால் கண் தாவிவிடும். இந்தக் கடை அளவுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. வரைந்தவரே வாசிப்பதைவிட வேறு ஒருவர் வாசிப்பது நல்லது.

வேலை நடக்கும்போது உபகரணம் மாறிவிட்டது. மீண்டும் அனுப்ப வேண்டுமா?

மாறியது என்ன என்பதைப் பொறுத்தது. 3 கிலோவாட் பாய்லருக்குப் பதில் 2.8 கிலோவாட் வந்தால் ஷெட்யூலைத் திருத்தி வைத்தால் போதும். மெயின், மொத்த லோட், மீட்டர், சர்க்கிட்டின் பாதுகாப்புச் சாதனம் இவற்றில் எது மாறினாலும், திருத்த எண்ணை உயர்த்தி எல்இடபிள்யூவிடம் மறுபடியும் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அவர் சோதனை செய்து சான்றளிப்பது சுவரில் இருக்கும் டிபியை. தாளில் இருப்பதும் சுவரில் இருப்பதும் வேறாக இருந்தால் அவரால் சான்று தர முடியாது, மின்சாரமும் வராது.

சமையலறை ஒப்பந்ததாரரிடம், மாடல் எண் மாறினால் வாங்கும் முன் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். கடைசியாகக் கையெழுத்தான எஸ்எல்டியின் ஒரு பிரதியை டிபி கதவின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, பழைய திருத்தங்களைக் கிழித்துப் போடுங்கள்.